டீக்கடையில் எனக்குச் சொல்லப்பட்டது

என் டீம் லீட் என்னிடம் சொன்ன மிகக் கடுமையான விஷயத்தை நான் லிங்க்ட்இன்னில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் அதைச் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். இருந்தும் தெரியவில்லை.

தென்காசியில், வயல் முடிந்து கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. வெளிநாட்டுப் பல் ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயிண்ட்மெண்ட் சாஃப்ட்வேர் செய்கிறோம். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் என்னிடம் பல்வலிக்கு மருந்து கேட்கிறார்கள். நான் ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். அப்போது சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடியும்போது வேலையை நிரந்தரம் செய்வார்கள், அல்லது செய்யமாட்டார்கள்.

ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு இந்த 'அல்லது' ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பிள்ளை பி.எட். முடித்து டீச்சராகப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. கம்ப்யூட்டர் வேலையை அவர் மழையை நம்பி வைத்த பயிர் மாதிரி பார்த்தார். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வேலை நிரந்தரமானால் அவர் பி.எட். பேச்சை எடுக்கக் கூடாது. ஆகாவிட்டால் நான் மறுபேச்சுப் பேசாமல் சேர்ந்துவிட வேண்டும். தெரிந்த காலேஜில் சொல்லி எனக்கென்று ஓர் இடத்தையும் அவர் பிடித்து வைத்திருந்தார். எனக்கோ அந்த வேலை வேண்டும். வேறு எதையும் நான் அப்படி விரும்பியதில்லை. நான் எழுதியதை எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் அழுத்துகிறார், அது வேலை செய்கிறது என்பது எனக்குச் சோறு தண்ணி வேண்டாத சந்தோஷம்.

டீம் லீட் செங்கோட்டைக்காரர். பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்தவர். அங்கே அவருக்கு வாய்த்த மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிற ரகம். தனக்குக் கீழே நாலு பேர் வந்தால் ஒருத்தரையும் அழவைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு எடுத்தாராம். சார், மேடம் எல்லாம் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. எங்கள் பக்கத்து நாக்குக்கு அது வரவில்லை. எல்லோரும் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு விதியைக் காப்பாற்றி வந்தோம். அவரும் எங்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார். கடைசியில் ஒரு 'மா' சேர்ப்பார். அந்த 'மா' வந்துவிட்டால் நமக்கு எல்லாம் நல்லபடியாக இருப்பதாகத் தோன்றும்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு முந்தின நாள், நோயாளியின் ஊர் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு, 'நாளைக்கு வரவேண்டும்' என்று அவருக்கு ஒரு மெசேஜ் போக வேண்டும். சர்வரில் எல்லா நேரமும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதை அந்தந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக் கொடுக்க ஏற்கெனவே ஒருவர் புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அது மாற்றிக் கொடுத்ததை நான் தெரியாமல் இன்னொரு முறை மாற்றினேன். ஐந்தரை மணி நேரம் தள்ளி வந்தது. ஏன் என்று புரியவில்லை. கழித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. எங்கெல்லாம் தள்ளி வந்ததோ அங்கெல்லாம் ஐந்தரையைக் கழித்து வைத்தேன். இந்திய நேரத்துக்கு எல்லாம் அம்சமாக வேலை செய்தது. பிரச்சினை என்னவென்றால், எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூட இந்தியாவில் இல்லை.

தினமும் காலையில் நின்றுகொண்டே ஒரு மீட்டிங். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எங்காவது மாட்டிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்பார்கள். நான் மாட்டிக்கொண்டுதான் இருந்தேன். முடிஞ்சிரும்ணா என்றேன். மறுநாளும் முடிஞ்சிரும்ணா என்றேன். அதற்கு மறுநாள், கிட்டத்தட்ட முடிஞ்சிட்டுண்ணா என்று கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற ரிலீஸுக்கு முந்தின சாயங்காலம் மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். லீட் படித்துப் பார்த்தார். அப்படியே போயிருந்தால் பாதி நோயாளிகளை விடியுமுன் எழுப்பிப் பல் டாக்டரை ஞாபகப்படுத்தியிருப்போம். ரிலீஸ் தள்ளிப்போனது. வாடிக்கையாளரிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். முதல் நாளே கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற டீக்கடை. தனியாகப் பேச அதுதான் இடம் என்பது அவர் எண்ணம். அந்த நேரத்தில் ஆபீஸில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

நான் எழுதுகிற கோட் நீட்டாக இருக்கிறது என்றார். பெயர்கள் எல்லாம் படித்தாலே புரிகிற மாதிரி வைத்திருக்கிறேன் என்றார். நேரத்துக்கு வருகிறேன், டீமில் எல்லோரோடும் ஒட்டிப்போகிறேன் என்றார். நான் வடையைக் கடித்தபடி தலையாட்டினேன். பிறகு அவர் டீ கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைம்ஸோன் எல்லாருக்குமே கஷ்டம்தாம்மா. நானே ஆரம்பத்துல குழம்பியிருக்கேன். ஏதாவது டவுட்டுன்னா எப்ப வேணாலும் கேளுங்க, சரியா?"

சரிண்ணா என்றேன். எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லி முடித்தார். அந்த நேரம் பார்த்து வடையில் இருந்த பச்சைமிளகாய் முழுசாக என் பல்லில் சிக்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் பதறிப்போய் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'ஏதாவது டவுட்டுன்னா கேளுங்க' என்பதை நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜில் ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னால் பையை மூடலாம் என்று அர்த்தம். எங்கள் வகுப்பில் ஒருவன் மட்டும் ஒருமுறை நிஜமாகவே எழுந்து கேட்டான். இவ்வளவு நேரம் எங்கே வாய் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அவனை நிற்கவைத்தார் சார். வகுப்பே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அதன்பிறகு யாரும் எதையும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற சொந்தக்காரர் 'ஒருநா வீட்டுக்கு வாங்க' என்று சொல்வார் இல்லையா, அந்தக் கணக்கில்தான் நான் அதை வைத்திருந்தேன். யாரும் அதற்காகத் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போவதில்லை.

அன்றைக்கு வீட்டில் அப்பாவிடம் சொன்னேன், லீட் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார் என்று. அப்பா முகத்தில் பெரிய சந்தோஷம் தெரியவில்லை. ஆனால் மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னதாக அம்மா சொன்னாள்.

அடுத்த வாரம் லிங்க்ட்இன்னைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது எங்கள் லீடின் போஸ்ட். புதிதாகச் சேருகிற ஜூனியர்களிடம் குறையை எப்படி அன்பாகவும் தெளிவாகவும் சொல்வது என்பதைப் பற்றி. ஆங்கிலத்தில், ஒரு வரிக்கு ஒரு பாரா என்று அந்த இடத்துக்குரிய முறையில் எழுதியிருந்தார். போன வாரம் தன் டீமில் ஒரு ஜூனியரிடம் ஒரு கஷ்டமான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது என்று ஆரம்பித்தது. திறமையான பெண். ஆனால் மாட்டிக்கொண்டால் கேட்பதில்லை. நாள்கணக்கில் மறைத்து வைக்கிறாள். அதனால் ரிலீஸ் தள்ளிப்போனது. நாலு பேர் வேலை கெட்டது. கத்தியிருக்கலாம், ஆனால் கத்தவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உள்ளதை உள்ளபடி, ஆனால் அன்பாகச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. அது வருத்தக் கண்ணீர் இல்லை, நன்றிக் கண்ணீர்.

கீழே ஐந்து விதிகள். தனியாகச் சொல்லுங்கள். ஆளைப் பற்றிச் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல், என்ன நடந்தது, அதனால் என்ன கெட்டது, இனி என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். என்ன புரிந்தது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதோடு விடாமல் சில நாள் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.

நல்ல விதிகள். இப்போதும் சொல்கிறேன், அவற்றில் ஒரு குற்றமும் இல்லை. படித்ததும் அந்தப் பெண்ணை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. கைதட்டுகிற படத்தை அழுத்தினேன். யாராக இருக்கும் என்று யோசித்தேன். எங்கள் டீமில் ஜூனியர் பெண்கள் இரண்டே பேர். நானும், என் பக்கத்து சீட்டுத் தோழியும். ஐயோ பாவம், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாளே என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது நீதான?" என்றேன்.

"எனக்கு எவன் டீ வாங்கிக் குடுத்தான்?" என்றாள்.

மறுபடி படித்தேன். டீ. கண்ணீர். ரிலீஸ். மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசியில், விதிகளுக்கும் கீழே, இரண்டு வரி இருந்தது. முதல் தடவை அதுவரை நான் போகவே இல்லை. இந்த மாதக் கடைசியில் அவளுடைய சோதனைக் காலம் முடிகிறது, அதற்குள் மாறுவாள் என்று நம்புகிறேன், மாறாவிட்டால் கஷ்டமான முடிவை எடுப்பதும் ஒரு லீடின் கடமை.

மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. இப்படி ஒரு கெடு இருப்பது அந்தப் போஸ்ட்டைப் பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். அதில் புனேக்காரர் ஒருவர், 'அந்தப் பெண் ஒருநாள் உங்களுக்கு நன்றி சொல்வாள்' என்று எழுதியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியாது. போட்ட கைதட்டை எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுத்தால் தெரிந்துபோகும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அந்தப் போஸ்ட் வந்து உட்கார்ந்திருந்தது. துபாயில் இருக்கும் அத்தான் என் கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு, தமிழில் சுருக்கம் எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்திருந்தார்.

"உங்க மேனேஜர் தங்கமான ஆளு போலுக்கே. அந்தப் பிள்ளைக்குக் குடுத்து வச்சிருக்கு. வேற ஆளுன்னா சீட்டக் கிழிச்சிருப்பான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது ஏன் கேக்காம இருக்கு? கேட்டா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றார்.

தெரியலப்பா என்றேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நேரே போய்க் கேட்டுவிடுவேன் என்று சொல்ல ஆசைதான். கேட்பது என்பதே எனக்கு வராது, அதுதானே இத்தனைக்கும் காரணம். இரண்டு மூன்று நாள் லீடின் டேபிள் பக்கம் போய்விட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தண்ணீர் குடித்தேன். அவரோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், பெரிய காரியத்தைப் பேசி முடித்துவிட்ட நிம்மதியில் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை டீமோடு குற்றாலம் போனோம். சீசன் வந்துவிட்டால் எங்கள் ஆபீஸில் ஒரு சனிக்கிழமை அருவிக்கு என்று எழுதப்படாத சட்டம். ஐந்தருவிக்கு வேன். சாரல் நின்றபாடில்லை. கூட்டம் சொல்லி மாளாது. பெண்கள் பக்கம் வரிசையில் நின்று குளித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். லீட் ஆண்கள் பக்கம் போவதற்கு முன்னால், எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் தன்னை ஒப்படைத்து முடித்து, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தலை முதல் கால் வரை எண்ணெய். இடுப்பில் பழைய கைலி. ஆபீஸில் லேப்டாப்புக்குப் பின்னால் பார்க்கிற ஆள் அங்கே இல்லை. அருவி பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் நம் குரலே நமக்குக் கேட்காது. அதனால்தானோ என்னவோ எனக்கு வாய் வந்தது.

"அண்ணா, அந்தப் போஸ்ட்ல இருக்க பிள்ளை நானா?"

என்னம்மா என்று காதில் கையை வைத்தார். மறுபடி கத்திக் கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. கிட்டே வந்து பேச ஆரம்பித்தார். உதடு அசைவதைப் பார்த்தால் என் கோட் நீட்டாக இருப்பதைச் சொல்கிறார் என்று தெரிந்தது. கேக்கலண்ணா என்று கத்தினேன். அவர் மறுபடி, நிதானமாக, நல்ல நல்ல வார்த்தையாக ஏதோ சொன்னார். அதில் ஒன்றுகூட அருவியைத் தாண்டி வரவில்லை. நான் கையை விரித்தேன்.

அன்பாகச் சொல்வதற்கு நீளம் வேண்டும். அங்கே நீளம் எடுபடவில்லை. அவர் மூச்சை இழுத்தார். எங்கிருந்தோ செங்கோட்டைப் பேச்சு வந்தது.

"மாட்டிக்கிட்டா கேக்கவே மாட்டக்க. நாள்கணக்கா மறச்சு வைக்க. அதுதான் உன் பிரச்சின. வேற ஒண்ணும் இல்ல."

எண்ணெய் தேய்க்கிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருக்கு முன்னால் குப்புறக் கிடந்தவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உண்மையைச் சொன்னால், முள்ளை எடுத்த மாதிரி இருந்தது.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேம்லா."

"சொல்லல. வடதான் வாங்கிக் குடுத்திய."

அவர் அப்படியே நின்றார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையில் பேசியதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் விடவில்லை. நாலாவது விதி என்று விரலைக் காட்டினேன். என்ன புரிந்தது என்று என்னைக் கேட்டீர்களா என்றேன். கண் கலங்கியது மிளகாயால் என்பதையும் சொன்னேன். அதை மட்டும் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது, இரைச்சலால் அல்ல. பிறகு அவர் அருவிக்குள் போனார். வழக்கத்துக்கு மேல் ரொம்ப நேரம் நின்றார் என்று பையன்கள் சொன்னார்கள்.

திரும்பும்போது வேனில் என் முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து, மறுபடி வாங்க போங்கவுக்கு வந்துவிட்டார். போஸ்ட்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுக்க வேண்டாம், நடந்ததை எழுதுங்கள் என்றேன். சாயங்காலமே அடியில் சேர்த்திருந்தார். 'நான் தெளிவாகச் சொன்னதாக நினைத்தேன், அவளுக்குப் புரியவே இல்லை என்று இன்று அவளே சொன்னாள், நாலாவது விதியை எழுதினேனே தவிர செய்யவில்லை, கண்ணீரைப் பற்றி எழுதியதும் தவறு.' நேர்மையான வரிகள். யாரும் கைதட்டவில்லை. புனேக்காரரைக் காணோம்.

திங்கட்கிழமையே மாட்டினேன். ஒரு பக்கம் திறக்க ஏழெட்டு நொடி எடுத்தது, காரணம் பிடிபடவில்லை. அரை மணி நேரம் முட்டிப் பாருங்கள், அதற்குமேல் மாட்டிக்கொண்டிருந்தால் கேட்க வேண்டும் என்று வேனிலிருந்து இறங்கும்போது சொல்லியிருந்தார். குறிப்பாக, கடிகாரத்தோடு. இப்படிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. 'அண்ணா ஒரு டவுட்' என்று டைப் அடித்தேன், அழித்தேன். வகுப்பில் நின்றவன் ஞாபகம் வந்தது. மறுபடி அடித்தேன். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, என் கையைத் தட்டிவிட்டு அவளே அனுப்பினாள். அவர் எழுந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் போய் டேட்டாபேஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மொத்தமாக ஒரே தடவை கேளுங்கள் என்றார். டீ ஆறுவதற்குள் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. இதற்கா நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று.

அதன்பிறகு கேட்டேன். தினமும் கேட்டேன். ஒருநாள் அவர், முதலில் எரர் மெசேஜை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று தெளிவாகச் சொல்லும் அளவுக்குக் கேட்டேன்.

ஆனால் மாதக் கடைசி என்று ஒன்று இருந்தது. அது வந்தது. இந்த முறை டீக்கடை இல்லை. மீட்டிங் ரூம், கதவைச் சாத்திக்கொண்டு. அவர் கையில் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருந்தது. வடை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"இப்ப கன்ஃபர்ம் பண்ணல. மூணு மாசம் நீட்டிருக்கேன். அந்த ரிலீஸ்ல நடந்தது பெரிய விஷயம். அதுக்கப்புறம் நீங்க மாறியிருக்கீங்க, ஆனா ரெண்டு வாரம் எனக்குப் பத்தாது. ஒரு முழு ரிலீஸ் முடியறவரைக்கும் நீங்க மாட்டுன அன்னைக்கே சொல்றத நான் பாக்கணும்."

கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை மிளகாய் இல்லை என்று அவருக்கும் தெரியும். டிஷ்யூவை என் பக்கம் தள்ளினார். பேச்சை மாற்றவில்லை, என் கோட் நீட்டாக இருப்பதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க என்றார். சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டேன், அதைத் திருத்தினார். மறுபடி சொன்னேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதேபோல் உட்காருவோம் என்று தேதி போட்டார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி, இன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு போஸ்ட் போடலாமா, பெயர் இல்லாமல்தான் என்றார். வேண்டாம்ணா என்றேன். புரிந்தது என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். ஒப்பந்தப்படி நான் தோற்றுவிட்டேன். நிரந்தரம் ஆகவில்லை. அப்பாவிடம் இன்னும் முடியல, முடிஞ்சிரும்ப்பா என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. அவர் நம்பி இன்னும் கொஞ்ச நாள் விடுவார். பிறகு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. எத்தனையோ நாள் காலையில் நின்றபடி சொன்ன அதே வாக்கியம்தான்.

அப்பா கடையை அடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் சொல்லிவிட்டேன்.

"எப்பா, கன்ஃபர்ம் பண்ணல. மூணு மாசம் நீட்டிட்டாவ. அத்தான் அனுப்புனதுல கேக்காம இருந்த பிள்ளை நான்தான். இப்பம் கேக்கேன். எனக்கு அந்த மூணு மாசம் வேணும்."

அப்பா திரும்பினார். சேரில் உட்கார்ந்தார். அந்தப் பிள்ளையைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஒனக்கு எப்பம் சொன்னாவ?" என்றார்.

"இன்னைக்கு. மத்தியானம்."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கேவா வந்து சொல்லுத?" என்றார்.

ஆமா என்றேன். பி.எட். காலேஜ்காரருக்கு நாளைக்குப் போன் பண்ணி அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா கைகால் கழுவப் போனார்.